47 × 36: இரண்டாவது வரியில் ஒரு இடம் தள்ளுவது ஏன்?

47-ஐ 36-ஆல் பெருக்கச் சொன்னால் நம்மில் பலருக்குக் கை தானாகவே ஓடும். ஏழாறு நாற்பத்திரண்டு, 2 போட்டு 4 கையில். நாலாறு இருபத்திநாலு, கையிலிருக்கும் நாலையும் சேர்த்தால் இருபத்தெட்டு. முதல் வரி 282. இரண்டாவது வரிக்கு வந்ததும் வலது ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. சிலர் அங்கே பூஜ்ஜியம் போடுவார்கள், சிலர் இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். பிறகு மூவேழு இருபத்தொன்று, 1 போட்டு 2 கையில். முந்நான்கு பன்னிரண்டு, இரண்டும் சேர்த்துப் பதினாலு. கீழே கோடு போட்டுக் கூட்டினால் 1692.

பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை, "அந்த இடத்துல ஏம்ப்பா பெருக்கல் குறி போடுறீங்க?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "அப்படித்தான் போடணும்" என்பதைத் தாண்டி நம்மிடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. "36-ல இருக்கிற 3-ங்கிறது முப்பது, அதனால ஒரு இடம் தள்ளணும்" என்று சிலர் சரியாகச் சொல்வார்கள். ஆனால் கையில் வைத்துக்கொண்ட அந்த 4 எவ்வளவு, அடுத்த வரியில் கையில் வைத்த 2 எவ்வளவு என்று கேட்டால் அவர்களும் கொஞ்சம் தயங்குவார்கள். இரண்டுக்கும் பதில் ஒரு கிராஃப் தாளில் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் சாதாரண கிராஃப் தாளையே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டங்கள் மெல்லிய கோட்டில் இருக்கும். ஒவ்வொரு பத்தாவது கோடும் தடிமனாக இருப்பதால், சென்டிமீட்டர் பக்கமுள்ள பெரிய கட்டங்களும் தெரியும். ஒரு பெரிய கட்டத்துக்குள் பத்துக்குப் பத்து, ஆக நூறு சின்னக் கட்டங்கள். பெருக்கலுக்கென்றே அச்சடித்தது போன்ற தாள் இது.

ஒரு தடித்த கோடும் இன்னொரு தடித்த கோடும் சந்திக்கும் புள்ளியை மேல் இடது மூலையாக வைத்து, 47 மில்லிமீட்டர் அகலமும் 36 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகம் ஒன்றை வரையுங்கள். இதற்குள் எத்தனை சின்னக் கட்டங்கள்? ஒரு வரிசைக்கு 47 வீதம் 36 வரிசைகள். அதாவது 47 × 36 என்ற கேள்வியும் இந்தச் செவ்வகத்தின் பரப்பளவும் ஒன்றுதான்.

ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. தடித்த கோடுகளே செவ்வகத்தை வெட்டிக் கொடுத்திருக்கின்றன. அகலத்தில் நான்கு முழுச் சென்டிமீட்டர் போக 7 மில்லிமீட்டர் மிச்சம். உயரத்தில் மூன்று முழுச் சென்டிமீட்டர் போக 6 மில்லிமீட்டர் மிச்சம். கடைசித் தடித்த கோடுகள் இரண்டையும் சிவப்புப் பேனாவால் இழுத்துவிட்டால், செவ்வகம் நான்கு துண்டுகளாகப் பிரிந்து நிற்கும்.

மேலே இடப்பக்கம் இருப்பதுதான் பெரிய துண்டு: அகலம் 40, உயரம் 30. அதில் நான்குக்கு மூன்றாகப் பன்னிரண்டு பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றும் நூறு. ஆக 1200. நாற்பதை முப்பதால் பெருக்க, நாலையும் மூன்றையும் பெருக்கிவிட்டு இரண்டு பூஜ்ஜியம் சேர்க்கச் சொல்கிறார்களே, அதன் காரணம் இங்கே கண்ணுக்கே தெரிகிறது. பன்னிரண்டு என்பது பெரிய கட்டங்களின் எண்ணிக்கை. இரண்டு பூஜ்ஜியங்கள், ஒவ்வொரு கட்டமும் நூறு என்பதைச் சொல்கின்றன.

அதற்கு வலப்பக்கம் ஒடுங்கலான துண்டு, அகலம் 7, உயரம் 30. இதில் முழு நூறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும், பத்துச் சின்னக் கட்டங்கள் நெட்டுக்குத்தாக அடுக்கிய குச்சிகள் ஏழு இருக்கின்றன. மூன்று சென்டிமீட்டருக்கு 21 குச்சிகள், அதாவது 210. பெரிய துண்டுக்குக் கீழே அகலம் 40, உயரம் 6 உள்ள பட்டை. அங்கே பத்துகள் படுக்கைவாட்டில் கிடக்கின்றன. நாலாறு 24 குச்சிகள், 240. கடைசியாக வலது கீழ் மூலையில் ஏழுக்கு ஆறு என்ற குட்டித் துண்டு. அதில் பத்தும் இல்லை, நூறும் இல்லை, வெறும் ஒன்றுகள்தான். அவை 42.

1200, 210, 240, 42. இந்த நான்கையும் பகுதிப் பெருக்கற்பலன்கள் என்பார்கள். கூட்டினால் 1692.

ஒரு நீளத்தைத் துண்டுகளாக வெட்டினால், முழுச் செவ்வகத்தின் பரப்பும் துண்டுகளின் பரப்புகளைக் கூட்டியதும் சமம் என்பதை, கி.மு. 300 வாக்கில் எழுதிய தன் நூலின் இரண்டாம் புத்தகத்தில் முதல் கூற்றாகவே வைத்தார் யூக்ளிட். நம் பக்கத்தில் பாஸ்கரர், 1150-ல் எழுதிய லீலாவதியில் 135-ஐ 12-ஆல் பெருக்கப் பல வழிகள் காட்டுகிறார். பன்னிரண்டை எட்டும் நாலுமாக உடைத்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவது அவற்றில் ஒன்று. எப்படி வெட்டினாலும் 1620 வரும். அப்படியென்றால் பத்துகளும் ஒன்றுகளுமாக வெட்டியே ஆகவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. அந்த வெட்டில் கிடைக்கும் துண்டுகளுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் போதும் என்ற வசதிக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். கடையில் 36 ரூபாய் சாமான் 47 வாங்குகிறவர், "அம்பது வாங்கினா 1800, மூணு குறையுது, 108 போனா 1692" என்று போடும் மனக்கணக்கும் இதே செவ்வகத்தை வேறு மாதிரி வெட்டியதுதான்.

இப்போது நோட்டில் எழுதும் முறைக்கு வருவோம். பெட்டியில் கிடைத்த நான்கு எண்களையும் முதலில் ஒன்றின் கீழ் ஒன்றாக, எதையும் சுருக்காமல் எழுதிப் பார்க்கலாம்.

```
     47
   × 36
   ----
     42     (7 × 6)
    240     (40 × 6)
    210     (7 × 30)
   1200     (40 × 30)
   ----
   1692
```

இதில் கையில் வைத்துக்கொள்வது இல்லை, பெருக்கல் குறி போட்டு இடம் தள்ளுவதும் இல்லை. ஒவ்வொரு வரியும் தாளில் உள்ள ஒரு துண்டு. இந்த நான்கு வரிகளை இரண்டு வரியாக மடித்தால் நமக்குப் பழக்கமான முறை வந்துவிடும். 42-உம் 240-உம் சேர்ந்து 282. 210-உம் 1200-உம் சேர்ந்து 1410.

```
     47
   × 36
   ----
    282     (47 × 6)
   1410     (47 × 30)
   ----
   1692
```

தாளில் இதற்கு என்ன பொருள்? நெட்டுக்குத்தாக இருந்த சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, படுக்கைக் கோட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறோம். செவ்வகம் இப்போது இரண்டே பட்டை. கீழே 6 மில்லிமீட்டர் உயரப் பட்டையில் 282 கட்டங்கள். மேலே 30 மில்லிமீட்டர் உயரப் பட்டையில் 1410 கட்டங்கள். இரண்டாவது வரியில் ஒரு இடம் தள்ளுவது, மேல் பட்டையின் உயரம் மூன்று அல்ல முப்பது என்பதற்காகத்தான். ஆகவே அந்த இடத்தில் பெருக்கல் குறியை விடப் பூஜ்ஜியம் போடுவதே நல்லது என்பது என் கட்சி. குறி போட்டால் அது ஒரு சடங்கு. பூஜ்ஜியம் போட்டால் வரியை அப்படியே "ஆயிரத்து நானூற்றுப் பத்து" என்று வாசிக்கலாம், தாளில் உள்ள பட்டையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

இனி கையில் வைத்த எண்கள். மூலைத் துண்டில் 42 கட்டங்கள். அவற்றில் இரண்டை ஒன்றுகளின் இடத்தில் எழுதிவிட்டோம், மிச்சம் நாற்பது. அந்த நாற்பதைத் தனி வரியில் எழுதாமல், பக்கத்துத் துண்டின் 240-ஓடு சேர்ப்பதற்காக ஓரமாக வைத்துக்கொள்கிறோம். அதுதான் கையிலிருக்கும் 4. உண்மையில் அது நான்கு பத்து. இரண்டாவது வரியில் மூவேழு இருபத்தொன்று என்றபோது பெருக்கியது 7-ஐ முப்பதால், கிடைத்தது 210. அதில் 1 போட்டோம் என்றால் ஒரு பத்தை எழுதினோம். கையில் வைத்தது 2. அது இருநூறு.

வழக்கமாக இந்த 4-ஐயும் 2-ஐயும் ஒரே இடத்தில், 47-இன் 4-க்கு மேலே பொடியாக எழுதுகிறோம். ஒரே இடத்தில் எழுதிய இரண்டு எண்களில் ஒன்று பத்துகளைக் குறிக்கிறது, மற்றது நூறுகளைக் குறிக்கிறது. முதல் வரி முடிந்ததும் 4-ஐ அடித்துவிடச் சொல்லும் ஆசிரியர்கள் குழப்பம் வரும் இடம் தெரிந்து சொல்கிறார்கள். அடிக்காமல் விட்ட பிள்ளைகள் இரண்டாவது வரியில் இரண்டுக்குப் பதில் நாலைச் சேர்த்து 1610 என்று எழுதிவிடுவார்கள்.

பெட்டி முறையில் எந்தத் துண்டிலிருந்தும் தொடங்கலாம். பெரிய துண்டான 1200-இலிருந்து தொடங்குவதுதான் நல்லது, விடை எந்த அளவில் வரும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். நோட்டு முறையில் அந்தச் சுதந்திரம் இல்லை. கையில் மிஞ்சுவது எப்போதும் இடப்பக்கத்துத் துண்டோடுதான் சேரவேண்டும் என்பதால் வலக்கோடியில் தொடங்கியாக வேண்டும். எழுதுவது குறைகிறது, ஆனால் விடையின் அளவு கடைசி வரை கண்ணில் படுவதில்லை.

தாளில் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு பெரிய ஆதாயம், தவறான விடையைப் பார்த்தே எங்கே தவறு நடந்தது என்று சொல்லிவிட முடியும் என்பது. அதே 47 × 36-க்குப் பிள்ளை 1242 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தைப் பத்தோடும் ஒன்றை ஒன்றோடும் பெருக்கி நிறுத்திவிட்டது: 1200-உம் 42-உம். கூட்டலில் பத்தோடு பத்தும் ஒன்றோடு ஒன்றும்தானே சேரும், அதே பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. இதை வாயால் விளக்குவது கடினம். ஆனால் தாளில் 1200 துண்டையும் 42 துண்டையும் மட்டும் வண்ணம் அடிக்கச் சொன்னால், வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு பட்டைகள் வெள்ளையாகவே நிற்கும். அவை 210-உம் 240-உம், சேர்த்து 450. 1242-க்கும் 1692-க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அதுதான்.

இன்னொரு பிள்ளையின் விடை 423. இடம் தள்ள மறந்து 282-ஐயும் 141-ஐயும் கூட்டியிருக்கிறது. இந்த 423 என்ன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அது 47 × 9. மேல் பட்டையை 30 உயரத்துக்குப் பதில் 3 உயரத்தில் போட்டதால், 36 உயரம் இருக்கவேண்டிய செவ்வகம் ஆறும் மூன்றும் சேர்ந்த ஒன்பது உயரத்துக்கு ஒடுங்கிவிட்டது. இடம் தள்ள மறந்தவர்கள் எல்லோரும், தெரியாமலே, பெருக்கும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி அதனால் பெருக்குகிறார்கள். 36-க்குப் பதில் 63 கொடுத்தாலும் அந்தப் பிள்ளைக்கு அதே 423-தான் வரும்.

மூன்றாவது தவறு கொஞ்சம் ஒளிந்திருப்பது. விடை 2292. கையிலிருந்த நாலைப் பெருக்கிய பிறகு சேர்க்காமல், முன்கூட்டியே 47-இன் 4-ஓடு சேர்த்து எட்டாக்கி, எட்டை ஆறால் பெருக்கியிருக்கிறது. முதல் வரி 482. இரண்டாவது வரியிலும் அப்படியே நாலும் இரண்டும் ஆறு, ஆறு மூன்று பதினெட்டு என்று 1810. கையிலிருந்த நாற்பது ஏற்கெனவே பெருக்கி வந்த கட்டங்கள், அவற்றை மறுபடி பெருக்கக் கூடாது. பெட்டியில் இந்தத் தவறுக்கே இடமில்லை, ஏனென்றால் அங்கே கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. 2292 தப்பு என்று கண்டுபிடிக்கவும் கணக்கைத் திரும்பப் போட வேண்டாம். ஐம்பதுக்கு நாற்பது செவ்வகமே 2000-தான். அதற்குள் அடங்கும் நம் செவ்வகம் அதைத் தாண்ட முடியாது, உள்ளே இருக்கும் 1200-க்குக் கீழேயும் போக முடியாது.

பெட்டி முறையிலும் தவறு வரும். 40-ஐயும் 30-ஐயும் பெருக்கி 120 என்று எழுதிவிட்டு, மொத்தம் 612 என்று முடிக்கும் பிள்ளைகள் உண்டு. கிராஃப் தாளில் போட்டிருந்தால் இருப்பதிலேயே பெரிய துண்டுக்கு, ஒடுங்கலான பட்டைகளை விடச் சிறிய எண் வந்திருப்பது உடனே உறுத்தும். ஆனால் பல புத்தகங்களிலும் பயிற்சித் தாள்களிலும் நான்கு பெட்டிகளையும் ஜன்னல் சட்டம் போல ஒரே அளவில் அச்சடித்துவிடுகிறார்கள். அப்போது 1200-உம் 42-உம் ஒரே அளவு பெட்டிகளில் உட்கார்ந்துகொள்ளும். பரப்பளவு என்ற பொருளே போய்விடும், மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு சூத்திரமாகிவிடும். சில கணக்குகளையாவது அளவோடு கிராஃப் தாளில் போட்ட பிறகே கைக்கு வந்தபடி பெட்டி வரையலாம். அப்போதும் பெரிய பெட்டியைப் பெரியதாகப் போடும் பழக்கம் இருந்தால் நல்லது.

இந்த முறையை முழுதாக நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. மூன்று இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் பெருக்கினால் பெட்டிகள் ஒன்பது, கூட்டவேண்டிய எண்களும் ஒன்பது. பெருக்கலில் தப்பித்தவர் கூட்டலில் மாட்டிக்கொள்வார். இங்கிலாந்துப் பள்ளிகளில் சில ஆண்டுகள் பெட்டி முறை பரவலாக இருந்தது. 2013-ல் வந்த தேசியப் பாடத்திட்டம் வழக்கமான எழுத்துமுறையை மறுபடி வலியுறுத்தியது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்ற 2010-ம் ஆண்டுப் பாடத்தர நெறிகள், இரண்டு இலக்கப் பெருக்கலை நான்காம் வகுப்பில் செவ்வகப் படத்தோடு விளக்கச் சொல்கின்றன. வழக்கமான முறையில் சரளமாக வருவதை ஐந்தாம் வகுப்பில்தான் எதிர்பார்க்கின்றன. எது சிறந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு அக்கறை இல்லை. பெட்டியை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்தினால் பிள்ளை பெரிய எண்களில் திணறும். நோட்டு முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நான்கு வரியாக எழுதுவது இரண்டுக்கும் நடுவே இருக்கும் படி. அவசரத்தில் தாண்டிவிடுவது அதைத்தான். ஒரே கணக்கைப் பெட்டி, நான்கு வரி, இரண்டு வரி என்று பக்கம் பக்கமாகப் போட்டு, இந்த 282 எந்தத் துண்டுகள் என்று பிள்ளையையே கோடு இழுத்துக் காட்டச் சொல்லலாம்.

வரைந்த அந்தச் செவ்வகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மேல்வகுப்பில் அதற்கு இரண்டு முறை வேலை வரும். ஒன்று இயற்கணிதத்தில். (a + b)²-ஐ விரித்து a² + b² என்று எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளை செய்வது, 47 × 36-க்கு 1242 என்று எழுதிய பிள்ளை செய்த அதே தவறு. ஓரத்து இரண்டு பட்டைகளை விட்டுவிட்டது. விடுபட்ட 2ab அந்தப் பட்டைகள்தான்.

இன்னொன்று தசமப் பெருக்கலில். 4.7 × 3.6 எவ்வளவு? புதிதாக ஒன்றும் வரைய வேண்டாம். அதே செவ்வகத்தை மில்லிமீட்டரில் பார்க்காமல் சென்டிமீட்டரில் பாருங்கள்: அகலம் 4.7, உயரம் 3.6. இப்போது பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 1 சதுர சென்டிமீட்டர், எனவே பெரிய துண்டு 12. பத்துக் கட்டக் குச்சி ஒவ்வொன்றும் பத்தில் ஒன்று. 21 குச்சிகள் 2.1, 24 குச்சிகள் 2.4. மூலையில் உள்ள சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் நூறில் ஒன்று, அவை 42 என்றால் 0.42. கூட்டினால் 16.92. "புள்ளி இல்லாம பெருக்கிட்டு, கடைசில ரெண்டு இடம் எண்ணிப் புள்ளி வை" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்த இரண்டாவது இடம் வருவது மூலைத் துண்டின் நூறில் ஒன்று கட்டங்களால்தான்.